காசுமாலையின் சேதாரம்

எங்கள் வீட்டுக் காசுமாலை முப்பது பவுன். இதை யாரும் தராசில் வைத்துப் பார்த்ததில்லை. கல்யாணப் பேச்சு எதுவானாலும் எங்கள் தரப்பின் முதல் வாக்கியம் அதுதான். என் அண்ணா சேஷகிரி விதான சௌதாவில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபைலில் ஒரு கமா தப்பினாலும் திருப்பி அனுப்பியவர். அவரும் இந்த முப்பதை மட்டும் சரிபார்க்கவில்லை.

மாலைக்கு ஒரு சுற்று உண்டு. அப்பா போன பிறகு அம்மா வைத்த ஏற்பாடு அது. வரலக்ஷ்மி விரதத்தன்று எந்த வீட்டில் அம்மன் கழுத்தில் ஏறுகிறதோ, அடுத்த விரதம் வரை மாலை அந்த வீட்டில் இருக்கும். ஒரு வருஷம் மல்லேஸ்வரத்தில் அண்ணாவின் மனைவி, மன்னி ராஜலக்ஷ்மியிடம், மறு வருஷம் ஜெயநகரில் என் தம்பி ஸ்ரீஹர்ஷாவின் மனைவி ஜானகியிடம். "லாக்கர்ல பத்திரமா இருக்கு" என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள். மற்ற எந்த விஷயத்திலும் அவர்களுக்கு ஒரே குரல் வாய்த்ததில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அந்தச் சுற்றில் எனக்கு இடமில்லை. நான் ஸ்வர்ணா, வீட்டுப் பெண், கல்யாணமாகாதவள், ஐம்பத்துமூன்று வயது. கொழுக்கட்டை பிடிக்க மட்டும் இரண்டு வீட்டிலும் என்னைக் கூப்பிடுவார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வந்தது, இன்ஸ்டிட்யூட்டை மூடினார்கள். பிறகு எட்டு வருஷம் படுக்கையில் இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். அண்ணா வீட்டில் சமையலறையை ஒட்டிய அறை எங்கள் இருவருக்கும்.

கண்ணை மூடுவதற்குப் பத்து நாள் முன் அம்மா எல்லோரையும் வரச்சொன்னாள். "காசுமாலை ஸ்வர்ணாவுக்கு. அதை வித்து அவளுக்குன்னு ஒரு ஜாகை பாத்துக் குடுங்கோ" என்றாள். நான்கு பேரும் தலையாட்டினார்கள். டாக்டரும் அப்போது பக்கத்தில் இருந்ததால் பின்னால் மறுக்க வழியில்லாமல் போயிற்று.

ஜாகையை நானே பார்த்துவிட்டேன். தொம்மலூர் பழைய ஊருக்குள் ஒரு போர்ஷன், ஒரு அறை, ஒரு சமையலறை, தனிக்குழாய், தனி வாசல். லீஸ் ஒரு லட்சம். பெங்களூரில் லீஸ் என்றால் மொத்தத் தொகையை முன்னால் கொடுத்துவிட வேண்டும், மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது அதே தொகை கைக்கு வந்துவிடும். என்னிடம் பதினைந்தாயிரம் இருந்தது. மீதிக்கு மாலை. வீட்டுக்காரர் சின்னப்பா மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றார். தேஜஸுக்கு, அதாவது அண்ணா பிள்ளைக்கு, பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். என் அறைக்கு என்ன கலர் பெயிண்ட் அடிக்கலாம் என்று மன்னி என்னிடமே யோசனை கேட்டாள். அந்த வீடு கிடைக்கவில்லையென்றால் நான் ஹால் மூலையில் பாய் விரிக்க வேண்டியதுதான். எனக்குப் பயமாக இருந்தது.

விற்பதற்கு முதல் நாள் மன்னி ஒரு காரியம் செய்தாள். "பழசா இருந்தா விலை அடிச்சுப் பேசுவான், பளபளன்னு இருக்கணும்" என்று சொல்லி, மாலையை எட்டாவது கிராஸ் நகைக்கடையில் கொடுத்து பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தாள். என் மேல் அவ்வளவு அக்கறை அவள் அதற்கு முன் காட்டியதில்லை.

நகரத்பேட்டையில் ராஜேந்திரன் கடைக்குப் போனோம். பழைய நகை வாங்குகிறவர், பின்கட்டிலேயே பட்டறை. நகைக்கு நான் சொந்தக்காரி, ஆனாலும் ஐந்து பேர் போனோம். ஒருவரை ஒருவர் நம்பாத குடும்பத்துக்கு ஒற்றுமை இயல்பாக வந்துவிடும்.

ராஜேந்திரன் மாலையைக் கையில் வாங்கியதும் முகம் சுளித்தார்.

"யாரும்மா விக்கிறதுக்கு முன்னாடி பாலிஷ் போட்டது? பாலிஷ்ல தங்கம் கொஞ்சம் கரைஞ்சு போகுமே தவிர ஏறாது. உருக்கப் போற பொருளுக்கு எதுக்கு அலங்காரம்?"

மன்னி கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தாள்.

அவர் மாலையைத் தராசில் வைத்தார். இருநூற்றுப் பதினெட்டு கிராம். முப்பது பவுன் என்றால் இருநூற்று நாற்பது வர வேண்டும். அண்ணா தராசின் பிளக்கைப் பிடுங்கி மாட்டச் சொன்னார். மறுபடியும் அதே எண். அப்போது அவருக்குள் இருந்த அண்டர் செக்ரட்டரி விழித்துக்கொண்டார்.

"டிப்ரிஸியேஷன்" என்றார். "எந்த அஸெட்டா இருந்தாலும் வருஷா வருஷம் தேய்மானம் உண்டு. ஜீப்புக்கே இருவது பர்சென்ட் போடுவோம். இது அம்மா காலத்துல இருந்து இருக்கு. தேய்ஞ்சிருக்கும்."

"சார், ஜீப் ரோட்டுல ஓடுது. இது லாக்கர்ல தானே இருந்துச்சு?" என்றார் ராஜேந்திரன்.

ஸ்ரீஹர்ஷா பேசவில்லை. அவன் எங்கேயும் பேசுவதில்லை. ஜானகி பேசுவதற்கு அவன் செய்யும் உதவி அது.

ராஜேந்திரன் எனக்குத்தான் சொன்னார். நகை என்னுடையது என்று கண்டுகொண்ட ஒரே மனிதர் அவர். "அம்மா, முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் மனசு கஷ்டப்படக் கூடாது. இந்த எடை எடையே இல்ல. பின்னாடி இருக்கிற பட்டுக்கயிறு போகும். பதக்கத்துல கெம்புக் கல்லு, கல்லுக்கு அடியில அரக்கு, அதெல்லாம் போகும். கல்லுக்கு நான் காசு தரமாட்டேன், எடுத்து உங்க கையிலயே குடுத்துடுவேன். மிச்சத்தை உருக்குவேன். அழுக்கு, பத்தவெச்ச பொடி எல்லாம் எரிஞ்சு எடை இன்னும் குறையும். அப்புறம் கட்டியில டச் பாப்பேன். நூத்துக்கு எவ்வளவு சுத்தத் தங்கம் இருக்கோ அதுக்குத்தான் இன்னைக்கு வாங்குற ரேட். போர்டுல நானூத்தி அம்பது போட்டிருக்கேன், அது விக்கிற ரேட். வாங்குறது நானூத்தி நாப்பது. அந்தப் பத்து ரூவா என் சாப்பாடு."

"அந்தக் காலத்துல செய்யறச்சே கூலி, சேதாரம்னு தனியா குடுத்திருப்பாளே, அது?" என்று ஜானகி கேட்டாள்.

"அது செஞ்சவனோட போச்சும்மா. திரும்பி வராது."

சாப்பாட்டை வெளிப்படையாகச் சொல்கிறவன் மற்றதில் ஏமாற்றமாட்டான் என்று தோன்றியது. ஆனாலும் அவர் விரல்களை விட்டு நான் கண்ணெடுக்கவில்லை. நானும் இந்தக் குடும்பத்துப் பெண்தானே.

அவர் ஒரு காசை உரைகல்லில் தேய்த்து, கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டார். கோடு அப்படியே நின்றது. "நல்ல இருபத்திரண்டு காரட்" என்றார். மன்னி முகம் மலர்ந்தது. இன்னொன்றைத் தேய்க்கப் போனவர் நிறுத்திவிட்டு அதை விரல் நுனியில் எடை பார்த்தார். பின் அதன் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பினார். பளபளப்புக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது.

அரத்தால் ஒரு இழு இழுத்தார். உள்ளே சுத்த வெள்ளை.

"வெள்ளி" என்றார். "மேல தங்க முலாம். பாலிஷ் போட்டதுல ஓரத்துல முலாம் போயிடுச்சு. பாலிஷ் போடலைன்னா எனக்கே கொஞ்சம் நேரம் ஆயிருக்கும்."

பிறகு அவர் அவசரப்படவில்லை. காசுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தராசில் வைத்தார். ஒரே அச்சு, ஒரே அளவு, ஆனால் வெள்ளி தங்கத்தைவிட மிகவும் லேசு. கனமானவை ஒரு பக்கம், லேசானவை ஒரு பக்கம் போயின. லேசான குவியல் வளர்ந்துகொண்டே போயிற்று.

"முப்பத்திரண்டு" என்றார்.

"முப்பத்திரண்டா! எப்படி முப்பத்திரண்டு?" என்று மன்னி கத்தினாள்.

"அதானே, முப்பத்திரண்டு எப்படி ஆகும்?" என்று ஜானகியும் அதே மூச்சில் கேட்டாள்.

எதுவும் தெரியாதவர் 'ஐயோ வெள்ளியா' என்றுதான் கத்துவார். இவர்கள் இருவருக்கும் வெள்ளி அதிர்ச்சி தரவில்லை, எண்ணிக்கைதான் தந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். தன் பங்கு எவ்வளவு என்று அவரவருக்குத் தெரியும், மீதி எங்கிருந்து வந்தது என்பதுதான் அந்தப் பார்வையின் கேள்வி. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அம்மன் கழுத்தில் வருஷம் தவறாமல் மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, வெளியே வந்து ஆளுக்குக் கொஞ்சம் கழற்றியிருக்கிறார்கள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் தண்ணீர் கேட்டேன்.

அண்ணா தொண்டையைக் கனைத்தார். அவருக்குப் புரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புரியாமல் இருப்பது அவருக்கு முப்பத்தைந்து வருஷ சர்வீஸ். "இருக்கட்டும். இப்ப என்ன, எல்லாத்தையும் சேத்து உருக்கிடுங்கோ. ஏதாவது குறைஞ்சா மெல்ட்டிங் லாஸ்னு போட்டுக்கலாம். சகஜம்தானே."

"ஆமா ஆமா, சேத்தே உருக்கிடுங்கோ" என்றாள் மன்னி.

"சும்னே ஏன் பிரிச்சுண்டு? ஒண்ணா போட்டுடுங்கோ" என்றாள் ஜானகி. கடைக்கு வரும் வழியெல்லாம், அம்மா போட்ட மாலையை உருக்கலாமா, மனசு தாங்குமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவள் இவள்தான்.

ராஜேந்திரன் கையை விரித்தார். "சேத்து உருக்குனா தங்கத்துல வெள்ளி கலந்துடும். டச் இறங்கிடும். அப்புறம் நைட்ரிக் ஆசிட்ல போட்டுத் தனியாப் பிரிக்கணும், அதுக்குக் கூலி, அதுலயும் கொஞ்சம் நஷ்டம். அம்மாவுக்குத்தான் லாஸ். தனியா வெச்சா தங்கம் தங்க விலைக்கு, வெள்ளி வெள்ளி விலைக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐம்பத்துமூன்று வருஷத்தில் குடும்பத்தில் ஒரு முடிவுக்காக என் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

"வெள்ளியைத் தொடாதீங்கோ. எனக்கு வேணும். மிச்சத்தை உருக்குங்கோ, நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்" என்றேன்.

பின்கட்டில் மூசையில் தங்கத்தைப் போட்டு, வெண்காரத்தைத் தூவி, கேஸ் ஜுவாலையைத் திருப்பினார். காசில் இருந்த லக்ஷ்மிகள் முதலில் முகம் மழுங்கி, பிறகு ஒன்றோடொன்று கலந்து, ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டையாக நின்றார்கள். எங்கள் குடும்பப் பெருமை ஆறி வந்தபோது சோப்புக்கட்டியில் பாதிகூட இல்லை. கயிறும் கல்லும் அரக்கும் வெள்ளியும் போக உள்ளே போனது நூற்று எழுபத்தொன்று, வெளியே வந்தது நூற்று அறுபத்தெட்டு. கட்டியில் ஒரு ஓரத்தை வெட்டி டச் பார்த்தார். எண்பத்தெட்டு.

"காசு எல்லாம் தொண்ணூத்தி ஒண்ணுக்கு மேல. சங்கிலிதான் கெடுத்துடுச்சு. எத்தனை தடவை அறுந்து ஒட்டவெச்சிருக்காங்களோ, ஒட்டுன பொடியில தங்கம் கம்மி. உரைகல்லு மேல்புறத்தைத்தான் சொல்லும், உருக்குனாதான் உள்ள இருக்கிறது தெரியும்" என்றார்.

கைக்கு வந்தது அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம். என் சேமிப்பைச் சேர்த்தால் இருபதாயிரம் குறைந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணா, குடும்ப கௌரவம் என்றால் என்ன என்று எனக்கு மல்லேஸ்வரம் வரை விளக்கினார்.

அந்த முப்பத்திரண்டு வெள்ளிக்காசுகளையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஹாலில் டிவி மேல் வைத்தேன். மறுநாள் ஞாயிறு, ஜானகியும் வந்திருந்தாள். காபி கொடுத்துக்கொண்டே சொன்னேன்.

"ராஜேந்திரன் சொல்றார், முலாம் ரெண்டு தினுசா இருக்காம். ஒண்ணு கெட்டி, ஒண்ணு மெலிசு. ரெண்டு வேற வேற பட்டறை. ஊர்ல முலாம் போடறவா எல்லாரையும் அவருக்குத் தெரியுமாம், விசாரிச்சா யார் வந்து குடுத்தான்னு சொல்லிடுவாளாம். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கார்."

முலாம் இரண்டு தினுசு என்பதுவரை அவர் சொன்னது. மீதி என் கைவேலை.

திங்கட்கிழமை காலை பால் காய்ச்சும்போது மன்னி சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். முந்தானையிலிருந்து இரண்டு வளையல்களை எடுத்தாள். அகலமான வளையல்கள், எம்.ஜி. ரோடில் ஏசி போட்ட கடையின் வேலை.

"தேஜஸுக்கு வரப்போற பொண்ணுக்குப் போடலாம்னு பண்ணினேன். மாலைக் காசைக் குடுத்துத்தான் மாத்தினேன். என்னோடது கொஞ்சம்தான் ஸ்வர்ணா, ஒரு பத்து இருக்கும். மீதி அவ. அம்மன் சத்தியமா. உங்க அண்ணாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். நாலு பவுன் இருக்கு, எடுத்துக்கோ."

எனக்கு அவளிடம் கோபத்தைவிட அலுப்புதான் வந்தது. வருகிற மருமகளுக்கு நம் தரப்பு நகை என்று காட்ட, நம் தரப்பு நகையையே திருடியிருக்கிறாள்.

மத்தியானம் ஜானகி தனியாக வந்தாள். கவரில் எட்டாயிரம். "எங்க பொண்ணு ஷ்ரேயாவோட இன்ஜினியரிங் சீட்டுக்கு டொனேஷன் குறைஞ்சது அக்கா. திருப்பி வெச்சுடலாம்னுதான் இருந்தேன். பத்துதான் எடுத்தேன். மீதி மன்னி எடுத்தது. அவருக்குச் சொல்லிடாதீங்கோ."

பத்தும் பத்தும் இருபது. மீதிப் பன்னிரண்டு யார் கணக்கிலும் இல்லை. அண்ணா பாஷையில் அது மெல்ட்டிங் லாஸ்.

வளையலை ராஜேந்திரனிடம் எடுத்துக்கொண்டு போனேன். நாலு பவுன் சரியாக இருந்தால், ஜானகி கொடுத்ததோடு சேர்த்து வீடு எனக்கு. அவர் வளையலைக் கல்லில் உரைத்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பின்பு இடுக்கியால் ஓரத்தை நெருக்கிப் பிளந்தார். உள்ளிருந்து அரக்கு உதிர்ந்தது, கறுப்பாக.

"கூடு வளையல்ம்மா. உள்ள அரக்கு அடைச்சு கனம் காட்டியிருக்கான். முப்பத்தி ரெண்டு கிராம்ல பத்து அரக்கு. தங்கம் டச் எழுபத்தஞ்சு, அதாவது பதினெட்டு காரட். உங்க காசைக் குடுத்துத்தான் இதை வாங்குனாங்களா?"

"எங்க காசைக் குடுத்துத்தான்" என்றேன்.

ஏழாயிரத்துச் சொச்சம் வந்தது. வேண்டியதற்குக் கிட்டத்தட்ட ஐந்தாயிரம் குறை. வெளியே வந்து அவென்யூ ரோடு கும்பலில் நின்று, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அழுதேன். திருடியது மட்டுமல்ல, திருடியதைக்கூட இவளால் முழுசாக வைத்துக்கொள்ள முடியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. அந்த ஐந்தாயிரத்தில்தான் என் வாசற்கதவு நின்றது.

வீட்டுக்கு வந்து, உதிர்ந்த அரக்கை ஒரு காகிதத்தில் கொட்டி மன்னி முன்னால் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சிவந்தது.

"திருட்டுப் பசங்க! என்ன தைரியம் இருந்தா நல்ல தங்கத்தை வாங்கிண்டு இதைக் கொடுப்பான்! மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாம்? அவன் உருப்படுவானா?" என்று ஆரம்பித்தாள். கடைக்காரனின் குலத்தை நிதானமாக விசாரித்தாள். நான் முழுசையும் கேட்டேன். அவளைத் திட்ட நான் மனதில் வைத்திருந்ததையெல்லாம் அவளே ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்கி நிறுத்தியபோது, "மன்னி, ஐயாயிரம் குறையறது" என்றேன்.

"அது அவன் பண்ணின மோசம். நான் என்ன பண்ணுவேன்? சேதாரம் சகஜம்தானேன்னு உங்க அண்ணாவே சொல்றாரே."

"சரி. அண்ணாகிட்டயே கேட்டுக்கறேன், இதை எந்தச் சேதாரத்துல எழுதலாம்னு." டிவி மேல் இருந்த டப்பாவை எடுத்துக் குலுக்கினேன். அண்ணா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மன்னி அரிசி டிரம்முக்குள் கையை விட்டாள். முழங்கை வரை போயிற்று. மஞ்சள் பையில் சுருட்டிய நோட்டுகள் வந்தன. எண்ணாமலே கொடுத்தாள். நான் அவள் எதிரிலேயே எண்ணி, மீதி இருந்த முந்நூறைத் திருப்பிக் கொடுத்தேன்.

மாதக் கடைசி நாளன்று சின்னப்பாவிடம் ஒரு லட்சத்தைக் கொடுத்தேன். அவர் சாவியைக் கொடுத்தார். அன்று முழுக்க அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பால் காய்ச்சுகிற அன்று நான்கு பேரும் வந்தார்கள். மன்னியும் ஜானகியும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, இருவரும் என்னோடு ரொம்பப் பிரியமாகப் பேசினார்கள். அண்ணா, டிப்ரிஸியேஷன் போக மிச்சத்தில் நல்ல வீடு அமைந்துவிட்டது என்று சின்னப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மன்னி ஒரு ஜோடி வெள்ளிக் குங்குமச்சிமிழைத் தாம்பூலத்தில் வைத்து நீட்டினாள். "உனக்குன்னே வாங்கினது" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். நிஜமாகவே எனக்காகத்தான் வாங்கியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அப்போது என் கால்கள் ஜன்னல் பக்கம் போய்விட்டன. சிமிழைக் கவிழ்த்து, அடி விளிம்பை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினேன். நிமிர்ந்தபோது மன்னி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் சிமிழை ஷெல்ஃபில் வைத்துவிட்டு எல்லோருக்கும் காபி கலக்கப் போனேன்.